உன்னைக் கொன்னுடுவேன், மூன்று அடைப்புக்குறி

கூடங்குளத்தில் அணுமின் நிலையக் கட்டுமானம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் அங்கே ரஷ்ய மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்தேன். 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட திட்டம். சோவியத் நாடு உடைந்ததில் பத்து வருஷம் கிடப்பில் கிடந்து, 2002இல்தான் கான்கிரீட் கொட்ட ஆரம்பித்தார்கள். என் ரஷ்யன் சென்னை ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலை பண்பாட்டு மையத்தில் படித்த ரஷ்யன். இலக்கணம் சுத்தம், புத்தக வாசனை தூக்கல். களத்துக்குப் போன பிறகுதான் மனிதர்கள் பேசுகிற ரஷ்யன் காதில் விழுந்தது.

ஒரு முதிய ரஷ்யப் பொறியாளர் இருந்தார். பம்புக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை வெளியே நீட்டி, "க்ளூச்சிக் பதினேழு" என்பார். க்ளூச் என்றால் ஸ்பேனர். இக் என்று விகுதி சேர்ந்தால் அகராதிப்படி 'சின்ன ஸ்பேனர்'. பதினேழாம் நம்பர் ஸ்பேனர் என்ன சின்னதும் பெரியதுமாகவா இருக்கும்? அது ஒரே அளவுதான். அந்த 'இக்' ஸ்பேனரைப் பற்றியதே இல்லை. நம்ம ஊரில், "அந்தப் பதினேழை கொஞ்சம் எடுத்துக் குடுப்பா" என்று சொல்லும்போது, அந்தக் 'கொஞ்சம்' அளவைச் சொல்கிறதா? கேட்கிறவரின் குரலைத் தணிக்கிறது, அவ்வளவுதான். நான் நம்ம பையன்களிடம், "பதினேழு ஸ்பேனர் கொஞ்சம் குடுப்பா" என்று திருப்பிச் சொல்வேன். ரஷ்யன் பெயர்ச்சொல்லின் வாலில் வைத்திருந்ததைத் தமிழ் 'கொஞ்ச'த்திலும் 'ப்பா'விலும் வைத்துக்கொண்டது. எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான பாடம் அதுதான். பிற்காலத்தில் வாட்ஸ்அப் அரட்டைகளை ஆங்கிலமாக்கும் வேலை கைக்கு வந்தபோது, அந்தப் பாடத்தை வைத்தே பிழைத்தேன்.

ஒப்பந்தம் முடிந்ததும் ஆனைக்குட்டத்துக்கே திரும்பிவிட்டேன். அர்ச்சுனா நதி அணைக்கட்டு, கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம், அதற்கு நடுவே தள்ளித் தள்ளிப் பட்டாசு ஆலைகளின் ஒற்றை அறைகள். ரஷ்ய மொழிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. இந்தப் பக்கத்திலிருந்து மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குப் போன பிள்ளைகள் நிறைய. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேச ரஷ்யன் வேண்டும். ஐந்தாறு வருஷத்தில் பேச்சு ரஷ்யன் நாக்கில் ஊறிவிடும். சிலர் அங்கேயே காதலித்துக் கல்யாணமும் செய்துகொள்கிறார்கள்.

அப்படி ஒரு பையனின் தகப்பனார், தீபாவளி முடிந்து ஆலைகள் பூட்டிக் கிடந்த ஒரு நாள், கையில் கனத்த ஃபைலோடு வீட்டுக்கு வந்தார். திரி வெட்டும் பிரிவில் பல வருஷம் கங்காணியாக இருந்தவர். பெயர்களை எல்லாம் மாற்றிச் சொல்கிறேன். பையன் செந்தில், வோல்கோகிராடில் மருத்துவம் படித்து, பிறகு பரீட்சைகள் எழுதி இங்கிலாந்தில் டாக்டராகச் சேர்ந்துவிட்டான். மனைவி எகத்தெரீனா, ரஷ்யாவிலேயே இருக்கிறாள். அவளை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொள்ள விசா வேண்டும்.

"அண்ணாச்சி, கல்யாணம் பண்ணுனது மட்டும் போதாதாம். ரெண்டு பேரும் நெசமாவே புருசன் பொஞ்சாதியா இருக்காங்கன்னு காட்டணுமாம். அதுக்கு இவங்க போன்ல பேசிக்கிட்டதை எல்லாம் வக்கீல் கேக்காரு."

அவர் சொன்னது சரிதான். பிரிட்டிஷ் விசா விதிகளில் உறவு உண்மையானதாகவும் தொடர்ந்து நடக்கிறதாகவும் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. தம்பதி தொலைவில் இருக்கும்போது, அவர்கள் அனுப்பிக்கொண்ட செய்திகள் அதற்கு ஒரு சான்று. ஆங்கிலத்தில் இல்லாத எந்தக் காகிதத்துக்கும் முழு மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். கூடவே, இது மூலத்துக்குச் சரியானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயரும் கையெழுத்தும், தொடர்பு விவரம் ஆகியவையும் வேண்டும். எகத்தெரீனாவுக்கு ஆங்கிலம் அப்போதுதான் ஆரம்பப் பாடம். அதனால் அவர்கள் பேசிக்கொண்டது அத்தனையும் ரஷ்யனில்.

ஃபைலில் ஏற்கெனவே ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது. எங்கேயோ சொல்லுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துச் செய்து வாங்கியது. முதல் பக்கத்தைப் படித்ததுமே, அவர் ஏன் என்னிடம் வந்தார் என்று புரிந்துபோயிற்று. மருமகள் மகனிடம், "ஐ வில் கில் யூ" என்கிறாள். அடுத்த வரியில், "ஐ ஆம் யெல்லிங்" என்கிறாள். மகன், "ஐ காட் ஆட்டோமேட்டிக்" என்கிறான். படிக்கிற அதிகாரி கையில் துப்பாக்கியையும் மனதில் கொலை மிரட்டலையும் வைத்துக்கொண்டு, இது நல்ல தாம்பத்தியம் என்று முத்திரை குத்துவாரா?

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். "உப்யூ தெப்யா" என்று எழுதிவிட்டு, அதன் பின்னால் அவள் `)))` என்று போட்டிருந்தாள். உப்யூ தெப்யா என்றால் உன்னைக் கொன்றுவிடுவேன் என்பது வாஸ்தவம். அந்த மூன்று மூடும் அடைப்புக்குறிகள்தான் ரஷ்யர்களின் சிரிப்பு. மற்ற ஊர்க்காரர்கள் `:)` என்று கண்ணும் வாயும் போட்டால், ரஷ்யர்கள் கண்ணை விட்டுவிட்டு வாயை மட்டும் போடுவார்கள். ரஷ்ய விசைப்பலகையில் முக்காற்புள்ளியைத் தேடிப் பிடிப்பதே தனி வேலை என்பதால் இப்படி ஆயிற்று என்பது பலரும் சொல்லும் விளக்கம். கைப்பேசி வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. ஒன்று போட்டால் மெல்லிய புன்னகை. மூன்று நான்கு போட்டால் வாய்விட்ட சிரிப்பு. திருப்பி `(` என்று போட்டால் முகவாட்டம். முந்தைய மொழிபெயர்ப்பாளர் இவற்றை எல்லாம் தட்டச்சுப் பிழை என்று நினைத்தாரோ என்னவோ, வரிக்கு வரி துடைத்து எடுத்திருந்தார். சிரிப்பைத் துடைத்துவிட்டால் மிச்சம் நிற்பது கொலை மட்டும்.

எனவே முதல் வேலை, அடைப்புக்குறிகளைத் திரும்பக் கொண்டுவருவது. அப்படியே `)))` என்று விட முடியாது. ஆங்கில அதிகாரிக்கும் அது பிழையாகவே தெரியும். ஒற்றைக் குறியை `:)` ஆக்கினேன். மூன்றுக்கு மேல் போனால் சொல்லையே மாற்ற வேண்டியிருந்தது. "அரூ" என்று ஒரு சொல் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். நேர்ப்பொருள், 'கத்துகிறேன்.' ரஷ்ய இளவட்டங்கள் சிரிப்பு தாங்க முடியாதபோது இதைத்தான் எழுதுவார்கள். நம்ம பிள்ளைகள் 'செத்தேன்' என்று எழுதுவதில்லையா, அதே ரகம். ஆங்கிலப் பிள்ளைகளும் சிரிப்பில் சாகத்தான் செய்கிறார்கள் என்பதால், "ஐ ஆம் டையிங்" போட்டு ஒரு சிரிப்பைச் சேர்த்தேன். சண்டை மறைந்து சிரிப்பு வந்தது.

அடுத்தது பெயர்கள். முந்தைய மொழிபெயர்ப்பின்படி இந்தக் கல்யாணத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். செந்திலை வோல்கோகிராடு நண்பர்கள் முதல் வாரத்திலேயே சேன்யா ஆக்கிவிட்டார்களாம். செம்யோன் என்ற ரஷ்யப் பெயருக்கு வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் அது. ஓசை ஒத்துப்போனதால் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து பெயர் கிளை விட ஆரம்பித்தது. கொஞ்சும்போது சேனிச்கா. விளையாட்டாக வம்பிழுக்கும்போது சேன்கா. அவசரத்துக்குக் கூப்பிட, கடைசி உயிரெழுத்தை உதிர்த்துவிட்டு வெறும் சேன். எகத்தெரீனாவும் அப்படியே: காத்யா, காத்யுஷா, காத்யுகா, காத். பாஸ்போர்ட்டில் எகத்தெரீனா என்று இருக்க, அரட்டையில் அந்தப் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்தவர்களுக்கு இந்தத் திண்டாட்டம் தெரியும். ஒரே ஆள் பக்கத்துக்குப் பக்கம் வேறு பெயரில் வருவார். நாவல் வாசகர் பொறுத்துக்கொண்டு முன்பக்கம் புரட்டிப் பார்ப்பார். விசா அதிகாரி எதற்காகப் புரட்ட வேண்டும்?

எல்லாவற்றையும் செந்தில் என்றும் எகத்தெரீனா என்றும் ஒன்றாக்கிவிடுவது ஒரு வழி. குழப்பம் தீரும், பேச்சு செத்துவிடும். கட்டினவனை வாரத்தில் ஒரு நாள்கூடச் செல்லமாகக் கூப்பிடாத பெண்டாட்டி என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். எல்லா வடிவத்தையும் அப்படியே ஆங்கில எழுத்தில் போடுவது இன்னொரு வழி. அதில் ஆள் எண்ணிக்கை கூடும். நான் நடுவில் ஒரு வழி பிடித்தேன். ஆளுக்கு ஒரே செல்லப் பெயர்: சேன்யா, காத்யா. முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு: இவை இன்னின்னாரின் அழைப்புப் பெயர்கள், மூலத்தில் இவற்றின் பல வடிவங்கள் வருகின்றன. சேனிச்கா என்று அவள் குழைந்த இடங்களில், அந்தக் குழைவைப் பெயரிலிருந்து எடுத்து வாக்கியத்தின் வேறு இடத்துக்கு மாற்றினேன். "சேனிச்கா, சாப்பிட்டியா" என்பது "ஹாவ் யூ ஈட்டன், லவ்?" ஆயிற்று. பெயரே போய்விட்டது, போகட்டும். ஆங்கிலேய மனைவி அந்த நேரத்தில் பெயர் சொல்ல மாட்டாள்.

இந்த இடத்தில் எனக்கு உதவியது என் ஆங்கிலத்தைவிட என் ஊர்ப் பேச்சுதான். ரஷ்யன் செய்தியை வாசித்ததும் முதலில் அதை ஆனைக்குட்டத்துத் தெருவில் யார் எப்படிச் சொல்வார்கள் என்று காதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். சேன்யா என்பது "ஏப்பா." சேனிச்கா என்பது "ராசா." சேன்கா என்பது "ஏலேய்." இந்த மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் எங்கள் ஊர் மனிதர் எவருக்கும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். பாசத்தையும் கோபத்தையும் சொல்லின் வாலில் வைத்துப் பேசுகிற பழக்கம் தமிழுக்கும் ரஷ்யனுக்கும் பொது. ஆங்கிலத்துக்கு அந்த வால் ரொம்பக் குட்டை. அது அதையெல்லாம் வாக்கியத்தின் வடிவத்தில் காட்டும், கேள்வியாகக் கேட்பதில் காட்டும், சொல்லாமல் விட்டதிலும் காட்டும். ரஷ்யனிலிருந்து நேரே ஆங்கிலத்துக்குத் தாண்டினால் வால் அறுந்து விழுந்துவிடும். தமிழில் ஒரு கால் ஊன்றினால், எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்றாவது தெரிகிறது.

இந்தச் செல்ல விகுதிக்கு இன்னொரு முகமும் உண்டு. செந்தில் இங்கிலாந்து போன புதிதில் தான் தங்கிய அறையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். கீழே, "இதோ என் கோம்நத்கா" என்று எழுதி ஒற்றை `)`. கோம்நதா என்றால் அறை. கோம்நத்கா, குட்டி அறை. சில வாரம் கழித்து வாடகை கட்டும் நாளில் அதே சொல்: "இப்படி ஒரு கோம்நத்காவுக்கு எழுநூறு பவுண்டு", பின்னால் `((`. சொல் ஒன்று, விகுதி ஒன்று, பொருள் நேர் எதிர். முதலாவது புதுக் குடித்தனக்காரனின் பெருமை, "மை லிட்டில் பிளேஸ்." இரண்டாவது வயிற்றெரிச்சல். ஆங்கிலேயர்கள் அப்படிப்பட்ட அறையைச் செருப்புப் பெட்டி என்பார்கள், அதனால் "செவன் ஹண்ட்ரட் க்விட் ஃபார் திஸ் ஷூபாக்ஸ்." பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் "ஸ்மால் ரூம்" என்று இருந்தது. தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் ஓர் ஆள் ஊருக்குப் புதிதாக வந்து சந்தோஷப்பட்டதும் இல்லை, பிறகு கசந்ததும் இல்லை.

எந்த முகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பணத்தோடு சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இளப்பம். சாப்பாட்டோடும் தேநீரோடும் வந்தால் உபசாரம். அடைப்புக்குறி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பது கடைசிச் சாட்சி. அதனால்தான் அந்தக் குறிகளைத் துடைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவற்றைத் துடைத்தவர் சொற்களைப் படிக்கும் விளக்கையும் சேர்த்தே அணைத்துவிட்டார்.

ஒரு நாள் அரட்டையை முழுதாகச் சொல்கிறேன். அவர்கள் காதலித்துக்கொண்டிருந்த காலத்து ஜனவரி மாதம், குளிர்காலப் பரீட்சை நேரம். அவள் வேறு துறை மாணவி.

"சேன், நு காக்? ஸ்தால்?" என்று கேட்கிறாள். ஸ்தால் என்றால் தேர்வில் தேறினாயா. பழைய பிரதியில் "டிட் யூ ஹாண்ட் ஓவர்?" என்று இருந்தது. ஒப்படைப்பது என்ற பொருளும் அந்த வினைக்கு உண்டு என்பதால் வந்த வினை. இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஸ்தால் என்றால் எழுதித் தேறியது. ஸ்தவால் என்றால் எழுதியது மட்டும், தேறினானா என்பது தெரியாது. ஓர் அசைதான் வித்தியாசம். இரண்டையும் "பாஸ்டு" என்று போட்டால், சான்றிதழில் உள்ள தேதியும் அரட்டையில் உள்ள தேதியும் முட்டிக்கொள்ளும். ஸ்தவால் வந்த இடமெல்லாம் "சாட் தி எக்ஸாம்" என்று போட்டேன்.

அவன் பதில் ஒரே சொல்: "அஃப்தமாத்", நான்கு சிரிப்பு. அகராதியில் ஒரு பொருள் தானியங்கித் துப்பாக்கி. ரஷ்யக் கல்லூரி வளாகத்தில் பொருளே வேறு. பருவம் பூராவும் ஒழுங்காகப் படித்த மாணவனுக்கு ஆசிரியர் பரீட்சை வைக்காமலே தேர்ச்சி போட்டுவிடுவார். அதற்குத்தான் அந்தப் பெயர். ஆங்கிலத்தில், "பாஸ்டு வித்தவுட் ஈவன் சிட்டிங் இட் :)".

"அரூ" என்று அவள் சிரிக்கிறாள். தொடர்ந்து, "நு தி தயோஷ்! நான் க்வோஸ்தோடு இருக்கிறேன்", ஒரு முகவாட்டம். நு தி தயோஷ், நேர்ப்பொருளில் 'நீ கொடுக்கிறாய்.' உண்மையில், "அட, நீ பெரிய ஆளுதான்!" ஆங்கிலத்தில் "யூ ஆர் சம்திங் எல்ஸ்." க்வோஸ்த் என்றால் வால். தேறாமல் பின்னால் இழுபட்டு வரும் பாடத்துக்கு அங்கே வால் என்று பெயர். படித்ததும் எனக்கு மனதில் வந்தது 'அரியர்.' விருதுநகர், சிவகாசிப் பக்கம் எந்தக் கல்லூரிப் பையனிடமும் இந்தச் சொல்லைச் சொன்னால் உடனே முகம் மாறும். ஆனால் பிரிட்டிஷ்காரருக்கு அரியர் என்றால் கட்டாத வாடகைப் பாக்கி. தமிழ்க் கால் ஊன்றலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. "ஐ ஃபெயில்டு ஒன் :(" என்று முடித்தேன்.

அவன்: "நோர்ம், மறுபடி எழுதித் தேறிடுவே. சய்கூ?" நோர்ம் என்பது நர்மால்னா என்பதன் பாதியைக் கடித்துத் துப்பிய மிச்சம். 'பரவாயில்லை, ஒண்ணும் ஆகாது' என்ற தொனி. "யூ வில் பீ ஃபைன்." சய்கூ, தேநீருக்குச் செல்ல விகுதி போட்டு, அதிலும் 'கொஞ்சம் குடிப்போமா' என்கிற வேற்றுமையில் நிறுத்திய ஒற்றைச் சொல். பழைய பிரதியில் "லிட்டில் டீ?" என்று இருந்தது. நான் "டீ?" என்று மட்டும் போட்டேன். ஆங்கிலத்தில் அந்தச் சின்னக் கேள்விக்குறியே உபசாரம்.

அவள்: "அகா, ஷாஸ்", சிரிப்பு. ஷாஸ் என்றால் 'இப்போதே.' ஆகவே பழைய பிரதியில் "யெஸ், நவ்." அடுத்த வரியிலேயே அவள், இன்னும் படிக்க இருக்கிறது என்கிறாள். இப்போதே வருகிறேன் என்றவள் ஏன் வரவில்லை என்று படிப்பவர் குழம்ப வேண்டியதுதான். அகாவோடு சேர்ந்தால் ஷாஸ் தலைகீழாகத் திரும்பும். "ஆமா, வந்துட்டாலும்!" என்று நம்ம ஊரில் இழுக்கிறோமே, அதுதான். ஆங்கிலத்தில் "யா, ரைட் :)". இப்படிப்பட்ட இடத்தில் மொழிபெயர்ப்பு பிசகியதா என்று கண்டுபிடிக்க ரஷ்யன் தெரிய வேண்டியதே இல்லை. அடுத்த வரி இந்த வரிக்குப் பதிலாக அமைகிறதா என்று பார்த்தால் போதும். அரட்டை என்பது இரண்டு பேர் பந்து போட்டுப் பிடிப்பது. ஒருவர் கிழக்கே வீச, மற்றவர் மேற்கே பிடித்தால் நடுவில் ஏதோ சொல் தவறியிருக்கிறது.

கடைசியில் அவன்: "நு தவாய். ஸ்போகி, ஸாய்." தவாய் என்றால் 'கொடு.' விடைபெறும்போது சொன்னால் "சரி, வச்சிடட்டா." ஸ்போகி, குட் நைட்டைக் குழந்தை மாதிரி சுருக்கியது. ஸாய், முயல் குட்டி என்ற செல்லச் சொல்லின் தலை மட்டும். பழைய பிரதியில் "வெல், கிவ். காம், ஹேர்" என்று இருந்த வரி இப்போது "ஓகே, டாக் லேட்டர். நைட் நைட், ஹன்" என்று ஆயிற்று.

எழுத்துச் சுருக்கங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நன்றிக்கு மூன்று மெய்யெழுத்து, தயவுசெய்துக்கு இரண்டு, இப்படித்தான் அவர்கள் எழுதுவார்கள். அதற்கு ஈடாக ஆங்கிலத்திலும் சுருக்கெழுத்துப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ரஷ்யனில் அந்தச் சுருக்கம் சாதாரணம், கண்ணில் உறுத்தாது. ஆங்கிலத்தில் நடுத்தர வயது அதிகாரி ஒருவர் படிக்கும்போது அது உறுத்தும், விடலைத்தனமாகத் தெரியும். "தேங்க்ஸ்" என்று விரித்துப் போட்டால் போதுமான அளவு இலேசாகத்தான் இருக்கிறது. ஆனால் விரிக்கும்போது எதை விரிக்கிறோம் என்று தெரிய வேண்டும். காத்யா ஓரிடத்தில், "இன்னொரு தடவை இப்படிச் செஞ்சே, சே-எஸ்ல போட்டுடுவேன்" என்று எழுதிச் சிரித்திருக்கிறாள். ரஷ்யச் செய்தித்தாளில் அந்த இரண்டெழுத்து வந்தால் பேரிடர், அவசரநிலை என்று பொருள். தீயணைப்பு, மீட்புப் பணி பார்க்கிற அமைச்சகத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. அரட்டையில் வந்தால் கறுப்புப் பட்டியல், அதாவது போனில் பிளாக் செய்வது. பழைய பிரதியில் மனைவி கணவனை அவசரநிலைக்குள் தூக்கி எறிந்திருந்தாள். நான் "ஐ ஆம் ப்ளாக்கிங் யூ :)" என்று எழுதினேன்.

வேலை முடியும் தறுவாயில் தகப்பனார் ஒரு யோசனையோடு வந்தார். இருவருக்கும் ஒரு சண்டை நடந்திருக்கிறது. செந்தில் இரவுப் பணியில் போனை எடுக்காமல் விட்டதில் ஆரம்பித்து இரண்டு நாள் ஓடியிருக்கிறது.

"அதை விட்ருவோமா அண்ணாச்சி? பாக்குறவுக தப்பா நெனச்சா?"

எந்த நாட்களின் அரட்டையைக் கொடுப்பது என்பது அவர்களும் வக்கீலும் முடிவு செய்ய வேண்டியது. ஒரு நாளை எடுத்துக்கொண்டால் அதன் நடுவில் கத்திரி போட நான் சம்மதிக்க மாட்டேன். முழு மொழிபெயர்ப்பு என்று கையெழுத்துப் போடுகிறவன் நான். அது மட்டுமில்லை. அந்தச் சண்டையைப் போல அவர்களைக் கணவன் மனைவி என்று காட்டுகிற பக்கம் ஃபைலில் வேறு இல்லை என்று அவரிடம் சொன்னேன். வக்கீலும் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கங்களில் செல்லப் பெயர் ஒன்றுகூட இல்லை. சேனிச்காவும் இல்லை, சேன்காவும் இல்லை. "சென்டில்" என்று ரஷ்ய உச்சரிப்பில் முழுப் பெயர். அதன் பின்னால் முற்றுப்புள்ளி. ரஷ்யர்கள் அரட்டையில் வரி முடிவில் புள்ளி வைப்பது அபூர்வம். வைத்தால் கதவை அடைத்துவிட்டதாக அர்த்தம். ஃபைல் முழுவதும் சேன்யா என்றே எழுதிவந்த நான், அந்த இரண்டு நாளில் மட்டும் செந்தில் என்று எழுதி, மூலத்தில் புள்ளி இருந்த இடத்திலெல்லாம் தவறாமல் புள்ளி வைத்தேன். தகப்பனாரிடம் அதைத் தமிழில் படித்துக் காட்டியபோது, "எங்க வீட்லயும் கோவம் வந்தா, இந்தாங்கன்னு கூப்பிடுறது நின்னுபோகும்" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் அவளிடமிருந்து ஒற்றைச் சொல் வந்திருக்கிறது: "ஷிவோய்?" நேர்ப்பொருள், 'உயிரோடு இருக்கியா?' பழைய பிரதி "அலைவ்?" என்றே விட்டிருந்தது. கொலை மிரட்டலுக்கும் கத்தலுக்கும் பிறகு அது எப்படிப் படிக்கப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் "யூ ஓகே?" என்று எழுதினேன். மூலத்தில் அந்த வரியில் புள்ளியும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆங்கிலத்திலும் எதுவும் சேர்க்கவில்லை. அதற்குக் கீழே அவன் அனுப்பிய பதிலில் காத்யுஷா என்று இருந்தது. அங்கே மறுபடியும் காத்யாவை எழுதி, கடைசிப் பக்கத்தில் உறுதிமொழியும் தேதியும் பெயரும் போன் நம்பரும் போட்டுக் கையெழுத்திட்டு, ஃபைலை அவரிடம் கொடுத்தேன்.